வீட்டைத் தான செட்டில்மெண்டாக எழுதுவதா, உயிலாக எழுதுவதா: மகளுக்கு ஒரு கேள்வி பதில் கடிதம்

"அப்பா, வீட்டை என் பேருக்கு எழுதறதா இருந்தா இப்பவே எழுதிடுங்களேன், உயில் எல்லாம் எதுக்கு?"

அன்புள்ள மகளுக்கு,

சென்ற தீபாவளிக்கு நீ இப்படிக் கேட்டாய். அதன் பிறகு இதே கேள்வியை மாப்பிள்ளை ஒரு விதமாகவும், உன் அம்மா வேறு விதமாகவும், பெங்களூரிலிருந்து உன் அண்ணன் இன்னொரு விதமாகவும் கேட்டுவிட்டார்கள். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் முப்பது ஆண்டுகள் அடுத்தவர் பத்திரங்களைப் புரட்டிய எனக்கே சில இடங்களில் ஐயம் வந்தது. அவற்றை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகு, கேட்டவர் கேட்டபடியே கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பதிலை எழுதியிருக்கிறேன். நான்கு பேருக்கும் ஒரே பிரதிதான். ஒருவரிடம் சொன்னதை மற்றவரிடம் மறைத்தேன் என்ற பேச்சு வரக் கூடாது.

ரெண்டுமே கடைசியில எனக்குத்தானே வருது, அப்படியென்ன வித்தியாசம்?

எப்போது வருகிறது என்பதுதான் வித்தியாசம். செட்டில்மெண்ட் பத்திரத்தில் நான் கையெழுத்திட்டு, நீ அதை ஏற்றுக்கொண்டு, அது பதிவாகிவிட்டால், அன்று மாலை இந்த வீட்டின் உரிமையாளர் நீ. நான் உன் வீட்டில் குடியிருக்கும் தகப்பன். உயிலில் நான் உயிரோடு இருக்கும் வரை எதுவுமே நடப்பதில்லை. அதைத் திருத்தலாம், கிழித்துப் போடலாம், வேறொன்று எழுதலாம், வீட்டையே விற்றும் விடலாம். நான் கண்ணை மூடும் நாளில்தான் அந்தக் காகிதத்துக்கு உயிர் வருகிறது.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பதில்களில் பாதி உனக்கே தோன்றிவிடும். செட்டில்மெண்டின் வசதிகளும் ஆபத்துகளும் உரிமை இன்றே கைமாறுவதால் வருபவை. உயிலின் வசதிகளும் ஆபத்துகளும், அது பேசத் தொடங்கும்போது எழுதியவன் இருக்க மாட்டான் என்பதால் வருபவை.

மாமா, பத்திர எழுத்தர் செட்டில்மெண்ட்ங்கறார், நீங்க தானப் பத்திரம்ங்கறீங்க. ரெண்டும் ஒண்ணுதானா? செலவு எவ்வளவு ஆகும்?

மாப்பிள்ளை கேட்டது. பேச்சு வழக்கில் நாம் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். பணம் வாங்காமல் அன்பினால் சொத்தைக் கொடுப்பது என்ற அளவில் இரண்டும் ஒன்றே. ஆனால் முத்திரைத் தீர்வைக் கணக்கில் அவை வெவ்வேறு. தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் எழுதும் 'செட்டில்மெண்ட்' பத்திரத்துக்கு மட்டுமே சலுகை உண்டு. வெறுமனே 'தானம்' என்று எழுதினால் கிரயப் பத்திரத்துக்கு உள்ள தீர்வையையே கேட்பார்கள். அதனால்தான் எழுத்தர்கள் 'தான செட்டில்மெண்ட்' என்று எழுதுகிறார்கள். அவர் சொன்னதே சரி.

2023 ஜூலையில் மாற்றியமைத்த கட்டணப்படி, குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு, உச்சவரம்பு 10,000 ரூபாய். நம் வீட்டின் வழிகாட்டி மதிப்பை 60 லட்சம் என்று வைத்துக்கொண்டால் இரண்டுமே வரம்பைத் தொட்டுவிடும். ஆக மொத்தம் 50,000 ரூபாய், எழுத்தர் கூலி தனி. இதே வீட்டை வெளியாருக்கு எழுதினால் 9 விழுக்காடு, அதாவது 5,40,000 ரூபாய். மகள், மகன், மனைவி, கணவர், பெற்றோர், பேரப்பிள்ளை, உடன்பிறந்தோர் ஆகியோர் இந்தச் சலுகையில் 'குடும்பம்'. மருமகன் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் இருவர் பெயரிலும் சேர்த்து எழுதலாமே என்று மாப்பிள்ளை வேடிக்கையாகக் கேட்டதற்கும் இதுவே பதில்.

உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. வெள்ளைத் தாளில் எழுதலாம். பதிவு செய்வதும் கட்டாயமில்லை, செய்தால் கட்டணம் சிறியது. ஆனால் 50,000 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக எவரும் உயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வழக்கு என்று வந்தால் முதல் ஆண்டிலேயே அதைவிட அதிகம் செலவாகும்.

இது தாத்தா சொத்து இல்லையா? எங்களைக் கேட்காம நீங்க மட்டும் எழுத முடியுமா?

உன் அண்ணன் கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். மனை 1984இல் சங்கத்தின் மூலம் என் பெயரில் கிரயமானது. வீடு என் சம்பளத்திலும் நான் அடைத்த கடனிலும் கட்டியது. தாத்தாவின் நிலத்தை விற்ற பணம் இதில் ஒரு ரூபாய்கூட இல்லை. அந்த நிலத்தில் என் பங்கு 1996இல் விற்றபோது அந்தத் தொகை உங்கள் சித்தப்பாவின் மருத்துவத்துக்குப் போனது உங்களுக்குத் தெரியும். ஆகவே இது என் சுயார்ஜிதச் சொத்து. சுயார்ஜிதச் சொத்தில் நான் இருக்கும் வரை மகனுக்கோ மகளுக்கோ மனைவிக்கோ பங்கு என்று எதுவும் இல்லை, யாருக்கும் எழுதலாம்.

பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்திருந்தால் கதை வேறு. அதில் பிறப்பாலேயே உங்கள் இருவருக்கும் உரிமை உண்டு. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் மகனுக்கும் அது சமம். பிரிக்கப்படாத அத்தகைய சொத்தில் என் பங்கை மற்றவர்களின் சம்மதமின்றித் தானமாக எழுதினால் செல்லாது, ஆனால் உயில் எழுதினால் செல்லும். செட்டில்மெண்டா உயிலா என்று யோசிப்பவர்கள் முதலில் மூலப்பத்திரத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நான் எதுவுமே எழுதாமல் போய்ச் சேர்ந்தால், உன் அம்மா, அண்ணன், நீ ஆகிய மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம் வரும். அண்ணனுக்கு ஓசூர் மனையை விற்றுப் பெங்களூர் அடுக்ககத்துக்குக் கொடுத்ததையும், நீயும் மாப்பிள்ளையும் மாடியில் இருந்துகொண்டு எங்களைப் பார்த்துக்கொள்வதையும் அந்தக் கணக்கு அறியாது. நான் எழுத நினைப்பதே அதனால்தான்.

எழுதிக் கொடுத்தாலும் கடைசி வரைக்கும் நீங்கதானே அங்க இருக்கப் போறீங்க, அதையும் பத்திரத்துலயே எழுதிட்டாப் போச்சு?

எழுதலாம். உரிமையை உனக்கு மாற்றிவிட்டு, எனக்கும் உன் அம்மாவுக்கும் ஆயுள் வரை குடியிருக்கவும் வாடகையை அனுபவிக்கவும் உரிமையை நிறுத்திவைத்துக்கொள்ளும் செட்டில்மெண்ட் சட்டப்படி செல்லும். கொடுத்தவர் வீட்டிலேயே இருப்பதால் தானம் கெட்டுப்போகாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆனால் வாசகத்தில்தான் கண்ணி இருக்கிறது. 'இன்று முதல் சொத்தின் உரிமை உனக்கு. என் ஆயுள் வரை அனுபவம் எனக்கு' என்று எழுதினால் அது செட்டில்மெண்ட். 'என் காலத்துக்குப் பிறகு நீ அடைந்துகொள்ள வேண்டியது' என்று எழுதி, இடையில் விற்கும் உரிமையையும் நானே வைத்துக்கொண்டால், தலைப்பில் செட்டில்மெண்ட் என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் நீதிமன்றம் அதை உயிலாகவே படிக்கும். அப்போது தீர்வை கட்டியது வீண். உயிலுக்கு உள்ள எல்லாச் சோதனைகளும் அதற்கும் வந்து சேரும். சங்கத்தில் இருந்தபோது இரண்டும் கலந்த பத்திரங்களை நிறையவே பார்த்தேன். பழைய நகலில் பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்வதால் வரும் வினை அது.

இன்னொன்று, ஆயுள் உரிமை என்பது இருக்கும் உரிமைதான், விற்கும் உரிமை அல்ல. நாளை என் இதயத்துக்கோ உன் அம்மாவின் முழங்காலுக்கோ பெரும் செலவு வந்து வீட்டை விற்கவோ, வீட்டை ஈடாக வைத்து வங்கியிடம் பணம் பெறும், முதியோருக்கான தலைகீழ் அடமானக் கடன் வாங்கவோ நினைத்தால், அதை வைத்து முடியாது. அந்தக் கடனை வங்கிகள் சொந்தப் பெயரில் வீடு உள்ள முதியவருக்கே தருகின்றன.

அப்படி ஏதாவது மனஸ்தாபம் வந்தா ரத்து பண்ணிடுங்க. நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?

நீ சொல்ல மாட்டாய். ஆனால் பத்திரம் உன்னோடு மட்டும் இருக்கப் போவதில்லை. உன் கடன்காரர்களோடும் உன் வாரிசுகளோடும் இருக்கப் போகிறது. ஆகவே இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கொடுத்தவர் தனியாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ரத்துப் பத்திரம் பதிவு செய்வது ஒரு காலத்தில் இங்கே சாதாரணமாக நடந்தது. அப்படி ஒருதலையாக ரத்து செய்வதைப் பதிவாளர் ஏற்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022இல் முடிவாகச் சொல்லிவிட்டது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவும் அதற்கு இடம் தரவில்லை. 'எனக்குத் தோன்றினால் திரும்பப் பெறுவேன்' என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தால் அந்த அளவுக்குத் தானமே செல்லாது. இருவரும் ஒப்புக்கொண்டு ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியை நிபந்தனையாக வைக்கலாம். அதுவும் என் விருப்பத்தை மட்டும் பொறுத்த நிகழ்ச்சியாக இருக்கக் கூடாது. மற்றபடி மோசடி, நிர்ப்பந்தம் என்று சிவில் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.

முதியோருக்கு ஒரு தனி வழி உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23. அறுபது வயதைக் கடந்தவர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்கத் தவறினால், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை பத்திரத்தில் இருந்தே தீர வேண்டுமா என்பதில்தான் தீர்ப்புகள் ஒரே குரலில் இல்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியோர் நலனுக்கான சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றும், வீட்டை மீட்டுக் கொடுக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றும் சொன்னது. அன்பும் பாசமுமே மறைமுக நிபந்தனைதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு கூறியது. இந்த நிலையில் விவேகமானது ஒன்றே: செட்டில்மெண்ட் எழுதும் எவரும் உணவு, மருந்து, இருப்பிடம் ஆகியவற்றைப் பராமரிப்பு நிபந்தனையாக வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள் என்று அதை விட்டுவிடுகிறவர்கள்தான் பிறகு கோட்டாட்சியர் அலுவலகப் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தச் சட்டம் காப்பது பராமரிக்காத பிள்ளையிடமிருந்து. என்னோடு பணியாற்றிய ஒருவர் மகனுக்கு வீட்டைச் செட்டில்மெண்ட் எழுதினார். மகன் கடைசி வரை நன்றாகவே பார்த்துக்கொண்டான். ஆனால் தொழிலுக்காக வீட்டை அடமானம் வைத்தான், தொழில் நொடித்தது, ஏல அறிவிப்பு கதவில் ஒட்டப்பட்டது. 'என் மகன் என்னைக் கவனிக்கவில்லை' என்று பொய் மனு கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. உன்மீது எனக்குச் சந்தேகமா என்று நீ வருத்தப்பட்டாய். என் பயம் அந்தக் கதவில் ஒட்டிய காகிதம்தான்.

உயில் எழுதினா நாளைக்கு அண்ணன் கோர்ட்டுக்குப் போனா என்ன பண்றது? செட்டில்மெண்ட்னா அந்தப் பிரச்சினையே இல்லையே?

இதில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். செட்டில்மெண்டை யாராவது எதிர்த்தால், நானே உயிரோடு வந்து 'ஆம், நான்தான் எழுதினேன்' என்று சொல்லலாம். உயிலை எதிர்க்கும்போது நான் இருக்க மாட்டேன். உயிலால் பயன் பெறும் நீதான் அது உண்மையானது என்று நிரூபிக்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால் அதையும் நீதான் விளக்கித் தீர்க்க வேண்டும். வாரிசுகளுக்குள் பகை முற்றிய குடும்பம் என்றால் நானே செட்டில்மெண்டைத்தான் சொல்வேன்.

ஆனால் உயில்கள் தோற்பது பெரும்பாலும் எழுதிய விதத்தால். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 63 கேட்பது இவ்வளவுதான்: எழுதுபவர் கையெழுத்திட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைக் கண்டிருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்து' என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும், அவர்கள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பின்னால் வழக்கு வந்தால், உயிரோடு இருக்கும் ஒரு சாட்சியாவது கூண்டில் ஏறி இதைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் செய்யும் தவறு, தம் வயதுள்ள நண்பர்களைச் சாட்சி போடச் சொல்வது. எனக்கு 78 வயது. என் நடைப்பயிற்சி நண்பர்கள் எனக்கு முன்னால் போனாலும் போகலாம். நாற்பது வயதைச் சுற்றியுள்ள, இந்த ஊரிலேயே இருக்கப்போகிற, இந்த வீட்டில் எந்தப் பங்கும் இல்லாத இருவர்தான் வேண்டும்.

அடுத்தது நீ செய்யக் கூடாதவை. உயிலின் வரைவை நீ தயாரிக்கக் கூடாது. வழக்கறிஞர் கட்டணத்தை நீ கொடுக்கக் கூடாது. பதிவு அலுவலகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது. பயன் பெறுபவர் முன்நின்று நடத்திய உயில் என்பது நீதிமன்றம் முதலில் சந்தேகிக்கும் விஷயம். அன்று நான் ஆட்டோவில் போய்க்கொள்கிறேன். அண்ணனுக்கு ஏன் வீட்டில் பங்கு வைக்கவில்லை என்பதையும் காரணத்தோடு உயிலிலேயே எழுதுவேன். மகனின் பெயரையே சொல்லாத உயில், தகப்பனுக்கு நினைவு தப்பியிருந்தது என்று வாதாட வழி திறந்துவிடும். அதே வாரத்தில் என்னை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம், சுயநினைவோடு தெளிவாக இருக்கிறேன் என்று சான்றும் வாங்கிக்கொள்வேன்.

பதிவு செஞ்ச உயில்னா அசைக்க முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

அப்படி இல்லை. பதிவு என்பது இந்த நாளில் இந்த மனிதர் வந்து கையெழுத்திட்டார் என்பதற்கு நல்ல அத்தாட்சி. ஆனால் மேலே சொன்ன சாட்சி விதியிலிருந்து அது விலக்குத் தருவதில்லை. அலுவலகத்தில் அடையாளம் காட்டும் சாட்சிகளையும் உயிலின் சாட்சிகளையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள்; உயிலின் அடியில் என் கையெழுத்தைக் கண்டு கையெழுத்திட்ட இருவரே கணக்கில் வருபவர்கள்.

மேலும், கடைசியாக எழுதிய உயில்தான் செல்லும். பதிவு செய்த உயிலை, பிறகு முறைப்படி எழுதிய பதிவில்லாத உயில் ரத்தாக்கிவிடும். எனவே மாற்றி எழுதினால் அதையும் பதிவு செய்வேன். பதிவில்லாமல் என் பெயரில் வேறு ஏதாவது வெளிப்பட்டால் நீ சந்தேகப்பட உனக்கு உரிமை உண்டு.

பதிவான உயில் வில்லங்கச் சான்றில் தெரியாது. தனிப் புத்தகத்தில் இருக்கும். நான் இருக்கும் வரை அதன் நகலை எனக்கோ என் முகவருக்கோதான் தருவார்கள். அதன் பிறகு இறப்புச் சான்றோடு யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கும். உயிலுக்கு நீதிமன்ற மெய்ப்பிதழ், அதாவது புரோபேட், வேண்டுமா என்றும் மாப்பிள்ளை கேட்டார். சென்னை நகருக்குள் இருக்கும் சொத்துக்குத்தான் நெடுங்காலம் அந்தக் கட்டாயம் இருந்தது. திருச்சியில் உள்ள நம் வீட்டுக்கு அது எப்போதும் இருந்ததில்லை.

உயிலை வெச்சு பேங்க்ல லோன் தர மாட்டாங்க. மாடியை எடுத்துக் கட்டணும்னா செட்டில்மெண்ட்தானே வழி?

உயிலை வைத்து எந்த வங்கியும் கடன் தராது என்பது சரி; நான் இருக்கும் வரை உனக்கு அதில் உரிமையே இல்லை. ஆனால் ஆயுள் உரிமை வைத்த செட்டில்மெண்டுக்கும் வங்கி, ஆயுள் உரிமை உள்ள எங்கள் இருவரையும் கையெழுத்துப் போடத்தான் கேட்கும். இல்லாவிட்டால் ஏலத்தில் வீட்டை எடுப்பவர் எங்களைக் காலி செய்ய முடியாது. ஆக, எந்த வழியில் போனாலும் கடனுக்கு என் கையெழுத்து வேண்டும். அப்படியிருக்க, உரிமையாளனாக நானே இருந்துகொண்டு, எவ்வளவு கடன், யார் சம்பளத்தில் அடைப்பது என்பதைப் பார்த்துக் கையெழுத்திடுவது எனக்கு நிம்மதி. இருக்கிற அறைகளைப் பழுது பார்ப்பதற்கான தொகை வரை நான் சம்மதிப்பேன்; மூன்றாவது தளம் என்ற பேச்சை மாப்பிள்ளை விட்டுவிட வேண்டும்.

எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா வீடு என்ன ஆகும்?

இதை நீ சிரித்துக்கொண்டே கேட்டாய், எனக்கு இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டியதை எழுதுகிறேன். செட்டில்மெண்ட் எழுதிய பிறகு உனக்கு ஏதாவது நேர்ந்தால், வீடு என்னிடம் திரும்பி வராது. நீ உயில் எழுதாமல் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி உன் மகனுக்கும் மாப்பிள்ளைக்கும் சமமாகப் போகும். பேரனுக்கு இப்போது ஒன்பது வயது. அவன் பங்கை அவனுக்குப் பதினெட்டு வயதாகும் வரை நீதிமன்ற அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஆயுள் உரிமை இருந்தால் நாங்கள் வீட்டில் இருப்போம். இல்லாவிட்டால் மாப்பிள்ளையின் நல்ல மனதுதான் எங்கள் கூரை.

தகப்பன் வழி வந்த சொத்து, குழந்தையில்லாத மகள் இறந்தால் தகப்பன் வீட்டுக்கே திரும்பும் என்று உன் அத்தை அடித்துச் சொல்வார். அதே பிரிவில் அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. ஆனால் அது மகள் வாரிசாக அடைந்த சொத்துக்கு மட்டுமே. செட்டில்மெண்ட் மூலமோ உயில் மூலமோ வந்ததற்குப் பொருந்தாது. குழந்தையில்லாத மகளுக்கு எழுதும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

உயில் என்றால் நான் இருக்கும் வரை மாற்றி எழுதிக்கொள்ளலாம். மாற்ற எனக்குத் தெம்பில்லாமல் போனாலும் குழப்பம் வராமலிருக்க, 'எனக்கு முன் என் மகள் காலமாகிவிட்டால் வீடு என் பேரனைச் சேரும்' என்று ஒரு வரி இருக்கும்.

எனக்கு அப்புறம் இவங்க என்னை வெளியே போகச் சொல்லிட்டா?

உன் அம்மா கேட்டது. உன்னிடம் நேரடியாகக் கேட்க மாட்டாள். அவளுக்கு 70 வயது. நான் போன பிறகு இன்னும் பல ஆண்டுகள் அவள் இந்த வீட்டில் இருக்கப்போகிறாள் என்று நம்புகிறேன். ஆகவே உயிலில் முதல் இடம் அவளுக்கு: அவள் ஆயுள் வரை கீழ்த்தளத்தில் குடியிருப்பதும், முன்பக்கக் கடையின் வாடகையும் அவளுடையவை; அதற்குப் பிறகே வீடு முழுமையாக உனக்கு.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம். மனைவிக்கு ஆயுள் உரிமை மட்டும் எழுதினாலும், அது அவளுடைய ஜீவனாம்ச உரிமைக்குப் பதிலாகக் கொடுத்ததாக ஆகிவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி அவள் முழு உரிமையாளராகிவிடக் கூடும். 1977ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து இந்த வழக்குகள் ஓயவில்லை. அப்படி ஆனால் அவளுக்குப் பிறகு உனக்கும் அண்ணனுக்கும் பாதிப் பாதி. இதைத் தவிர்க்க, அவளுடைய செலவுக்கு என் வைப்புத்தொகையைத் தனியாக முழு உரிமையோடு அவளுக்கு எழுதுகிறேன். குடும்ப ஓய்வூதியமும் அவளுக்கு வரும். வீட்டில் கொடுப்பது ஜீவனாம்சத்துக்கு ஈடாக அல்ல என்பது உயிலைப் படிப்பவர்களுக்கு அதிலிருந்தே விளங்க வேண்டும். முற்றிலும் அடைத்துவிட முடியும் என்று வழக்கறிஞர் உறுதி சொல்லவில்லை. அம்மாவும் தன் பங்குக்கு ஓர் உயில் எழுதி, ஏதேனும் உரிமை தனக்கு வந்திருந்தால் அது உனக்கு என்று சொல்லிவிடுவதாக இருக்கிறாள். அது அவளாகவே சொன்னது.

வருமான வரி எதுல குறைவு?

வித்தியாசமில்லை. தகப்பன் மகளுக்குக் கொடுத்தாலும், உயிலில் வந்தாலும், வாங்கும் உனக்கு வரி கிடையாது. பிறகு விற்றால், நான் வாங்கிய விலையும் நான் வைத்திருந்த காலமும்தான் உன் கணக்கிலும் வரும். 2001க்கு முன் வாங்கியது என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். வீட்டின் மூலப்பத்திரத்தோடு கட்டுமான ரசீதுகளும் அதே இரும்புப் பெட்டியில் இருக்கின்றன.

கடைசியா என்னதான் முடிவு பண்ணியிருக்கீங்க?

உயில்தான். வீட்டைத் தவிர பெரும் செலவுக்கு எங்களிடம் வேறு சொத்து இல்லை. நாங்கள் இருவரும் இருக்கும் வரை அதை விற்கும் உரிமை எங்கள் கையில் இருக்க வேண்டும். அண்ணன் வழக்குப் போடுவான் என்ற உன் பயத்துக்கு, அவனிடமே பேசினேன். ஓசூர் மனை விற்ற தொகையைத் தன் பங்காகப் பெற்றுக்கொண்டதாக ஒரு கடிதம் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறான். நான் இருக்கும்போதே வாரிசு தன் எதிர்காலப் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதுவது அவனைச் சட்டப்படி முழுமையாகக் கட்டாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உயிலில் நான் எழுதும் காரணம் உண்மை என்பதற்கு அது அவன் கைப்பட்ட சாட்சி.

எனக்கோ அம்மாவுக்கோ நிலைமை மாறினால், அல்லது நான் மட்டும் மிஞ்சி வீட்டை விற்க வேண்டிய தேவையும் இல்லை என்றானால், அன்று பராமரிப்பு நிபந்தனையும் ஆயுள் உரிமையும் சேர்த்துச் செட்டில்மெண்ட் எழுதுவதைப் பற்றி மறுபடி பேசலாம். உயில் அதற்குத் தடையில்லை. செட்டில்மெண்ட் எழுதிவிட்டுப் பிறகு உயிலுக்கு வர முடியாது.

வரைவு வந்துவிட்டது. அடுத்த வாரம் புதன்கிழமை பதிவுக்குப் போகிறேன். நீ அன்று காலை பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக அலுவலகத்துக்குப் போய்விடு. பதினொரு மணிக்கு 'அப்பா, முடிஞ்சுதா' என்று தொலைபேசியில் கேட்காதே. முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா